கோடு போட்ட தண்ணீர்ப் போத்தல்

மாமா மகள் சிங்கப்பூரிலிருந்து அழைத்தபோது இரவு பத்து மணி இருக்கும்.

“அண்ணி, அம்மாவோட முதலாம் ஆண்டு நினைவு நாள் வருது. பேப்பர்ல நினைவஞ்சலி போடணும். படத்துக்குக் கீழ போட ஒரு கவிதை எழுதித் தர்றீங்களா?”

இருபத்தாறு ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்ததால் இந்த வேலை எனக்கு அடிக்கடி வரும். திருமண வாழ்த்து, மணிவிழா வாழ்த்து, நினைவஞ்சலி. நினைவஞ்சலிக்கென்று பத்துப் பன்னிரண்டு வரிகள் எப்போதும் கைவசம் வைத்திருப்பேன். குலவிளக்கு, ஆலமரம், அணையாத தீபம் என்று எந்த வீட்டுக்கும் பொருந்தும் வரிகள். பெயரை மாற்றினால் போதும்.

“அப்பா என்ன சொல்றார்?” என்று கேட்டேன்.

“என்ன வேணும்னாலும் போடுன்னு சொல்லிட்டார். அவர் எதுவுமே பேசறதில்ல அண்ணி. ஆனா பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒண்ணு சொன்னாங்க. திங்கள், புதன், வெள்ளி விடியுமுன்ன காரை எடுத்துட்டு எங்கயோ போயிட்டு வர்றாராம். எங்கன்னு கேட்டா சும்மாதான்னு சொல்றார்.”

எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தைக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து நான்கு ஆண்டுகள் டயாலிசிஸ் செய்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம். அத்தையின் நாட்கள் திங்கள், புதன், வெள்ளி.

அந்தப் பத்துப் பன்னிரண்டு வரிகளில் ஒன்றும் இதற்கு உதவாது என்று தோன்றியது. “கவிதையை நான் எழுதல. மாமாகூட உட்கார்ந்து பாக்கறேன். எழுத வந்தா அவர் எழுதட்டும்” என்றேன்.

எப்போது தொடங்கலாம்

ஓய்வுபெற்ற பிறகு, துக்கத்தில் இருக்கும் நாலைந்து பேருடன் இப்படி உட்கார்ந்திருக்கிறேன். முதல் தடவை தவறு செய்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே ஒரு தோழியிடம் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, “மனசுல இருக்கறத எழுது” என்றேன். ஒரு வாரம் கழித்துப் போனபோது முதல் பக்கத்தில் கணவர் பெயர் மட்டும் இருந்தது. “எழுதக்கூட வக்கில்லாம போயிட்டேன்” என்று அழுதார். இருந்த பாரத்துக்கு மேல் நான் ஒரு வீட்டுப்பாடத்தையும் ஏற்றிவிட்டிருந்தேன்.

அதனால் இப்போதெல்லாம் முதல் சில வாரங்களில் நோட்டை எடுப்பதே இல்லை. அப்போது தேவைப்படுவது சாப்பாடும், தூக்கமும், பக்கத்தில் ஓர் ஆளும்தான். பிறகும்கூட, எழுதுவதால் துக்கம் சீக்கிரம் தீரும் என்று யாரிடமும் சொல்வதில்லை. ஏனென்றால் அது உண்மையில்லை.

1986ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் மாணவர்களை அழைத்து, தங்களை மிகவும் பாதித்த நிகழ்வைப் பற்றித் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதச் சொன்னார். எழுதி முடித்த உடனே அவர்கள் மனநிலை மோசமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த ஆறு மாதங்களில் அவர்களில் சில பிரிவினர் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரிடம் போனார்கள். இந்த ஆய்வைத்தான் எல்லாரும் எடுத்துச் சொல்வார்கள். ஆனால் துணையை இழந்தவர்களிடம் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதே முறையைச் சோதித்து 2002இல் வெளியிட்ட முடிவு வேறு. எழுதியவர்கள் எழுதாதவர்களைவிட விரைவில் தேறவில்லை.

அப்படியானால் எதற்கு எழுத வேண்டும்? துக்கம் தீரட்டும் என்று இல்லை. சொல்ல முடியாமல் உள்ளே சுற்றிச் சுற்றி வரும் ஒன்று இருந்தால், அதை வெளியே ஓர் இடத்தில் வைப்பதற்கு. மாமாவுக்கு அப்படி ஏதோ ஒன்று இருக்கிறது என்று அந்த விடியற்காலைப் பயணங்கள் சொல்லின. அத்தை போய் அப்போது ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

கேட்கக் கூடாத கேள்வி

மாமாவின் வீடு கிள்ளானில். முப்பது ஆண்டுகள் பேருந்து ஓட்டியவர். எழுத்து என்றால் நான்கு எண் வாங்குவதோடு சரி என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வார். கோப்பி கலக்கி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“எப்படி இருக்கீங்க மாமா, மனசு எப்படி இருக்கு?” என்று கேட்டால் வரும் பதில் எனக்குத் தெரியும். “என்னம்மா செய்யறது, விதி.” மனது எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு நம்மவர்களிடம் ஆயத்தமான பதில்கள் நிறைய உண்டு. அந்தப் பதில் வந்துவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அதனால் உணர்வைக் கேட்காமல் நேரத்தையும் பொருளையும் கேட்பது என் வழக்கம்.

“மாமா, ஒரு நாள்ல எந்த நேரம் ரொம்பக் கஷ்டமா இருக்கு?”

யோசிக்காமல் சொன்னார். “காலையில நாலே முக்கால். அப்போதான் அவளை எழுப்புவேன். ஐந்தரைக்கு வண்டி கிளம்பிடும். இப்பவும் முழிப்பு வந்துடுது. படுத்திருக்க முடியல. சரின்னு காரை எடுத்துட்டு அந்த டயாலிசிஸ் சென்டர் வரைக்கும் போய், வெளிய நிறுத்திட்டு உட்கார்ந்திருப்பேன். வெளிச்சம் வந்ததும் திரும்பிடுவேன்.”

“நீங்க சொல்றத நான் எழுதிக்கட்டுமா? உங்களுக்கு மட்டும்தான். வேணாம்னா கிழிச்சுடலாம்.”

தலையாட்டினார். மேசை மேல் இருந்த கடிகாரத்தைக் காட்டி, “இருபது நிமிஷம்தான், அதுக்கு மேல வேணாம்” என்றேன். இந்த எல்லை முக்கியம். முடிவு எங்கே என்று தெரிந்தால்தான் கதவைத் திறக்கத் துணிவு வரும். எழுதத் தயங்குபவருக்கு அருகில் இருப்பவர் எழுதிக் கொடுக்கலாம். அதற்கு ஒரே நிபந்தனை, அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும்.

பதினைந்து நிமிடம் காரையும் சாலையையும் பற்றிப் பேசினார். பிறகு திடீரென்று, “நான் பாவிம்மா” என்றார். நான் பேனாவை நிறுத்தவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து அவரே சொன்னார். அன்று நான் எழுதிய பக்கத்தை அவர் அனுமதியோடு இங்கே தருகிறேன்.

“அன்னிக்கு வியாழக்கிழமை. ராத்திரி எட்டு மணி இருக்கும். தண்ணி குடுங்கன்னா. போத்தலைப் பாத்தேன். முடிஞ்சிருச்சு. இல்ல, நாளைக்குன்னு சொன்னேன். சரின்னு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. காலையில நாலே முக்காலுக்கு எழுப்புறேன். எழும்பல. தண்ணி கேட்டவளுக்குத் தண்ணி குடுக்கல. நான் பாவி.”

டயாலிசிஸ் செய்பவர் வீட்டில் இருந்திருந்தால் உங்களுக்கு இது புரியும். சிறுநீர் சரியாக வெளியேறாததால் குடிக்கும் நீரெல்லாம் உடலிலேயே தங்கி மூச்சுத் திணறும், இதயத்துக்குச் சுமை ஏறும். அதனால் நாளுக்கு இவ்வளவுதான் என்று மருத்துவர் அளவு சொல்வார். அத்தைக்கு 700 மில்லிலிட்டர். கோப்பி, ரசம் எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். மாமா ஒரு போத்தலில் கறுப்பு மார்க்கரால் கோடு போட்டு, தினமும் காலையில் அந்தக் கோடு வரை நிரப்பி வைப்பார். கோப்பி குடித்தால் அதே அளவு நீரைப் போத்தலிலிருந்து ஊற்றிவிடுவார்.

“அது உங்க தப்பில்ல மாமா” என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டேன். ஒன்பது மாதம் சொல்லாமல் வைத்திருந்ததை ஒருவர் இப்போதுதான் சொல்கிறார். உடனே ஆறுதல் சொன்னால், சொன்னது போதும் என்று வாயை அடைப்பதுபோல் ஆகிவிடும். “அப்படியே எழுதியிருக்கேன் மாமா” என்று மட்டும் சொன்னேன். படித்துக் காட்டினேன். இருபது நிமிடம் ஆனதும் நோட்டை மூடிவிட்டு இருவரும் கார் போர்ச்சில் இருந்த கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினோம். அத்தை வைத்த செடி. எழுதி முடித்ததும் கைக்கு ஒரு சின்ன வேலை இருப்பது நல்லது. எழுதிய இடத்திலேயே உட்கார்ந்திருந்தால் அந்த நினைப்பிலிருந்து எழுவது கடினம்.

நான் செய்த பிழை

வீட்டுக்கு வந்ததும் ஆசிரியைப் புத்தி சும்மா இருக்கவில்லை. அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதினேன். ‘தண்ணி குடுங்கன்னா’ என்பது ‘தாகத்தால் தவித்தாள்’ ஆனது. ‘எழும்பல’ என்பது ‘மீளாத் துயிலில் ஆழ்ந்தாள்’ ஆனது. அடுத்த வாரம் பெருமையோடு படித்துக் காட்டினேன்.

மாமா மரியாதைக்குக் கடைசி வரை கேட்டார். பிறகு, “நல்லா இருக்கும்மா. ஆனா இது நம்ம வீட்டுல நடந்தது மாதிரி இல்ல. அவ தவிக்கல. சாதாரணமாத்தான் கேட்டா. அதாம்மா கஷ்டமே” என்றார்.

இருபத்தாறு ஆண்டுகள் புறநானூறு நடத்தியவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பாரி இறந்த பிறகு அவர் மகளிர் பாடியதாக வரும் 112ஆம் பாட்டு ஐந்தே அடிதான். அன்றைய நிலவு, இன்றைய நிலவு, குன்று, தந்தை, வென்றவர்களின் முரசு. துக்கம் என்றோ கண்ணீர் என்றோ ஒரு சொல்கூட அதில் கிடையாது. கையறுநிலை என்ற துறைக்கு எடுத்துக்காட்டாக நாம் முதலில் சொல்லும் பாட்டே அதுதான். உணர்வின் பெயரைச் சொல்லாமல், இருந்ததையும் இல்லாததையும் மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறது.

என் திருத்தலைக் கிழித்துப் போட்டேன். பழைய பக்கமே நோட்டில் நின்றது. அதன்பிறகு அதில் நான் செய்தது ஒன்றுதான். “நான் பாவி” என்ற சொற்களின் கீழே பென்சிலால் கோடு போட்டு, “மாமா, இது தீர்ப்பு. நடந்தது என்னன்னு மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்லுங்க. அந்தப் போத்தல் இப்போ எங்க இருக்கு?” என்று கேட்டேன்.

எழுந்து போய்க் குளிர்பெட்டிக் கதவிலிருந்து எடுத்து வந்தார். ஒன்பது மாதமாக அங்கேயே இருந்திருக்கிறது, காலியாக. மார்க்கர் கோடு மங்கிப்போயிருந்த இடத்தில் மறுபடி போட்டு, மறுபடி போட்டு, மூன்று கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன.

“ஒரு டம்ளர் குடுத்திருந்தா என்னம்மா ஆகியிருக்கும்?” என்றார்.

இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் கிடையாது. கவிதையிலும் கிடையாது. இது மருத்துவம் தெரிந்தவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. எத்தனை பக்கம் எழுதினாலும் இது அப்படியே நிற்கும். “அந்த சென்டர் வாசல் வரைக்கும் போறீங்களே, ஒரு நாள் உள்ள போய் நர்ஸ்கிட்டக் கேளுங்க” என்றேன்.

அடுத்த புதன்கிழமை உள்ளே போயிருக்கிறார். அத்தையை நான்கு ஆண்டுகளாகப் பார்த்துவந்த மூத்த தாதி அவரை உட்காரவைத்துப் பேசியிருக்கிறார். அந்த ஒரு டம்ளர் தண்ணீரால் அன்றைக்கு எதுவும் மாறியிருக்காது என்றும், நீர் அளவை இவ்வளவு ஒழுங்காகக் கவனித்த வீட்டுக்காரர்கள் குறைவு என்றும் சொல்லியிருக்கிறார்.

‘ஏன்னா’ வந்த நாள்

மூன்றாம் வாரம் மாமா பேனாவைத் தானே எடுத்துக்கொண்டார். கடிகாரத்தை அவரே பார்த்துவைத்தார். எழுதி முடித்து நோட்டை என் பக்கம் தள்ளினார். பாதிப் பக்கம். அதில் ஒரு வரி: “நான் தண்ணி தரல, ஏன்னா மறுநாள் அவளைக் கூட்டிட்டுப் போகணும்னு நெனச்சேன்.”

முந்தைய இரண்டு பக்கங்களில் ‘ஏன்னா’ என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. நடந்தது, நடந்தது, பிறகு தீர்ப்பு. அவ்வளவுதான் இருந்தது. பென்னிபேக்கரும் அவருடன் பணியாற்றியவர்களும் பின்னாளில் அந்த எழுத்துகளைச் சொல் சொல்லாக எண்ணிப் பார்த்தபோது இதைத்தான் கண்டார்கள். நாளாக நாளாக ‘ஏனென்றால்’, ‘இப்போது புரிகிறது’ போன்ற சொற்கள் யாருடைய எழுத்தில் கூடினவோ, அவர்களுக்கே எழுதியது அதிகம் உதவியது. பக்கத்தில் இருப்பவர் இதை ஓர் அடையாளமாகப் பார்க்கலாம். ஆனால் அந்த ‘ஏன்னா’வை நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. நாம் கொடுத்தால் அது நம்முடைய ஆறுதலாகத்தான் இருக்கும்.

இதற்கு எதிரான அடையாளமும் உண்டு. மூன்று, நான்கு தடவை எழுதியும் அதே வரிகள் அதே சொற்களில் திரும்பத் திரும்ப வந்தால், எழுதிய நாள்களில் தூக்கமும் சாப்பாடும் கெட்டு இரண்டு நாள் ஆகியும் சரியாகாவிட்டால், நோட்டை மூடிவைத்துவிட வேண்டும். அங்கே எழுத்து புண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறது. மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பார்ப்பதுதான் அடுத்த படி. “நானும் போயிட்டா நல்லது” என்ற பேச்சு வந்தால் அந்த நிமிடமே நோட்டை விட்டுவிடுங்கள். அவரைத் தனியே விடாமல், மலேசியாவில் பிரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணிலும், சிங்கப்பூரில் எஸ்ஓஎஸ் அமைப்பை 1767 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

பக்கம் கவிதையானது

நான்காம் வாரம்தான் கவிதை என்ற சொல்லையே எடுத்தேன். மாமா சிரித்தார். “பஸ் ஓட்டினவனுக்குக் கவிதையா?”

“நீங்க ஏற்கெனவே எழுதிட்டீங்க மாமா. வேண்டாததை எடுத்துட்டா போதும்” என்றேன்.

மூன்று பக்கங்களையும் மேசையில் பரப்பினோம். கண்ணால் பார்க்கக்கூடியது, காதால் கேட்கக்கூடியது எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அவரையே கோடு போடச் சொன்னேன். போத்தல், மார்க்கர் கோடு, ‘நாளைக்கு’, எழுப்பியது. ‘பாவி’, ‘விதி’, ‘கஷ்டம்’ என்பவற்றில் கோடு விழவில்லை. கோடு போட்ட வரிகளை மட்டும் ஒரு புதுத் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். பிறகு ‘அவ’ என்று இருந்த இடங்களையெல்லாம் ‘நீ’ என்று மாற்றிப் பாருங்கள் என்றேன். பேனா சற்று நேரம் நின்றது. பிறகு மாற்றினார். அந்த ஒரு மாற்றத்தில் நடந்ததைச் சொல்லும் குறிப்பு, அத்தையிடம் பேசும் பேச்சாகிவிட்டது.

எதுகை, மோனை எதையும் நான் தொடவில்லை. எங்கே மூச்சு விடுகிறாரோ அங்கே வரியை முடிக்கச் சொன்னேன். கடைசி மூன்று வரிகள் எனக்கே புதிது. அந்த வாரம் அவர் தொடங்கியிருந்த காரியம் அது.

*போத்தலில் நான் போட்ட கோடு*
*இன்னும் அழியல.*
*நாலு வருஷம் காலையில நிரப்பினேன்,*
*கோட்டுக்கு மேல ஒரு சொட்டு விடமாட்டேன்.*
*அன்னிக்கு ராத்திரி கேட்ட.*
*நாளைக்குன்னு சொன்னேன்.*
*நாளைக்கு உன்ன எழுப்பணும்னுதான்*
*அன்னிக்குத் தரல.*
*இப்போ காலையில போத்தலை நிரப்புறேன்,*
*கோட்டைத் தாண்டி, வாய் வரைக்கும்.*
*உன் கறிவேப்பிலைக்கு ஊத்துறேன்.*

சத்தமாக ஒரு தடவை படித்தார். ‘எழுப்பணும்’ என்ற இடத்தில் குரல் உடைந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கி முடிவு வரை படித்தார்.

“இதைப் பேப்பர்ல போடலாமா மாமா?”

“வேணாம்மா. இது எனக்கும் அவளுக்கும்.”

அவர் சொன்னதுதான் சரி. நோட்டில் எழுதுவது வேறு, ஊருக்குச் சொல்வது வேறு. எது எங்கே போக வேண்டும் என்பதை இழந்தவர்தான் முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு நன்றாக இருந்தாலும் நாம் அதை எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடக் கூடாது. இங்கே அச்சாவதற்கே, எழுதி முடித்து ஓராண்டு கழித்து, பெயரில்லாமல் போடலாம் என்று அவரே சொன்ன பிறகுதான் தந்தேன்.

நாளிதழுக்கு முதல் வாரத்துப் பக்கத்திலிருந்து வேறு நான்கு வரிகளை மாமா எடுத்துக் கொடுத்தார். டயாலிசிஸின்போது அத்தைக்குக் குளிரும், அதற்காக ஒரு போர்வையைக் காரில் எப்போதும் வைத்திருப்பார்கள். மாமா மகள் அதைக் கொஞ்சம் எழுத்துத் தமிழாக்கினாள், அவரும் சரி என்றார்.

*திங்கள், புதன், வெள்ளி*
*விடியுமுன் வண்டியில் என் பக்கத்தில் இருந்தாய்.*
*இன்றும் அதே நேரத்துக்கு எழுகிறேன்.*
*உன் போர்வை முன் இருக்கையில் இருக்கிறது.*

நினைவஞ்சலி வெளியான அன்று எனக்கு முதலில் வந்த அழைப்பு, அந்த டயாலிசிஸ் நிலையத்தில் அத்தைக்குப் பக்கத்துப் படுக்கையில் இருந்த ஓர் அம்மாவின் கணவரிடமிருந்து. மாமாவிடம் கேட்டு என் எண்ணை வாங்கியிருந்தார். கவிதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “அந்தப் போர்வை பச்சைக் கலர், கட்டம் போட்டது. எனக்கு ஞாபகம் இருக்கு” என்றார்.

மாமா இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் அந்த நிலையத்துக்குப் போகிறார். காரில் உட்கார்ந்திருப்பதில்லை. அந்த அம்மாவை உள்ளே அழைத்துப் போய் விட்டுவிட்டு, அவர் கணவரோடு கோப்பிக் கடைக்குப் போய்விடுகிறார்.